டிரையாக் டிம்மரும் எல்.இ.டி பல்பும்: கிளிநொச்சி வீட்டில் கண்டது

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு ஹோலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சாதாரண டிரையாக் டிம்மர் பல வருடங்களாக இருக்கிறது. 60 வாட் மஞ்சள் பல்புகள் இரண்டை அது ஒரு குறையுமில்லாமல் எரித்தது. அவற்றைக் கழற்றி 7 வாட் எல்.இ.டி இரண்டு போட்டதும், திருகியைப் பாதிக்குக் கீழே கொண்டுபோனால் வெளிச்சம் துடித்தது. "டிம்மர் பழசாப் போச்சு, மாத்துங்கோ அண்ணை" என்றார் வயரிங் செய்ய வந்த தம்பி. ஆனால் டிம்மரில் பழுது எதுவும் இல்லை.

நமது 50 ஹேர்ட்ஸ் கரண்ட் 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பூச்சியத்தைக் கடக்கும். அங்கே டிம்மருக்குள் மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் டிரையாக் அணைந்துவிடும். பிறகு திருகியின் தடையூடாக ஒரு சிறு கொள்ளளவி மெல்ல மெல்ல ஏறி, சுமார் 30 வோல்ட்டை எட்டியதும், அந்த அளவில் திறக்கும் டயாக் என்ற சிறு உறுப்பு டிரையாக்கை இயக்கும். அரையலையின் மிச்சம் மட்டுமே பல்புக்குப் போகும். திருகியைக் குறைத்தால் தடை கூடும், கொள்ளளவி ஏறப் பிந்தும், அலையின் முன்பகுதி கூடுதலாக வெட்டுப்படும். மஞ்சள் பல்பில் 5 மில்லிசெக்கன் பிந்தினால் ஏறத்தாழ பாதி வலுத்தான், 7.5 பிந்தினால் பத்தில் ஒன்றுகூட இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இயங்கிய டிரையாக் தொடர்ந்து இயங்க, அதனூடாகக் குறைந்தது ஓரளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில வகைகளுக்குச் சில மில்லிஅம்பியர் போதும், சிலவற்றுக்கு 50 வரை தேவை. 120 வாட் மஞ்சள் பல்புகள் அரை அம்பியர் அளவில் இழுத்ததால் கவலையே இருக்கவில்லை. 14 வாட் எல்.இ.டிக்குச் சராசரி 60 மில்லிஅம்பியர்தான். அதுவும் சீராக ஓடாது. பல்புக்குள் இருக்கும் கொள்ளளவி ஒரு கணம் மளமளவென இழுத்து நிரம்பியதும் இழுப்பதை நிறுத்திவிடும். உடனே டிரையாக் அணைந்துவிடும். ஒரு அரையலையில் மறுபடி இயங்கும், அடுத்ததில் இயங்காமலே போகும். செக்கனுக்கு 100 தடவை ஒரே மாதிரி வரவேண்டிய வெளிச்சம் இப்படி ஒழுங்கில்லாமல் வரும்போதுதான் கண்ணுக்குத் துடிப்புத் தெரிகிறது.

உறுதிப்படுத்த, அதே டிம்மரில் ஒரு 40 வாட் மஞ்சள் பல்பையும் சேர்த்துப் போட்டேன். துடிப்பு நின்றது. அப்படியும் நிற்காவிட்டால், டிம்மருக்கு ஏற்றதல்லாத பல்பின் உள்சுற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிம்மரைத் தவிர்த்து நேரே கொடுத்தும் துடித்தால் லைனிலோ இணைப்பிலோ தேடுங்கள்.

இப்போது டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்ட எல்.இ.டி பல்புகள் இருக்கின்றன. டிரையாக் அணையாதபடி கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துவைக்கும் சுற்று இவற்றில் உண்டு. விலை கூடத்தான், ஆனால் எனக்குத் திருப்தி. அடிமட்டத்தில் மட்டும் இன்னும் லேசாகத் துடிக்கும், அதனால் திருகியை அதற்குச் சற்று மேலே வைத்துப் பாவிக்கிறோம். புதிதாக டிம்மர் வாங்குபவர்கள் அதன் ஆகக்குறைந்த வாட் அளவைப் பாருங்கள். 40 என்று இருந்தால் 14 வாட்டுக்கு அது சரிவராது. அலையின் பின்பகுதியை வெட்டும், எல்.இ.டிக்கென்றே வரும் டிம்மரைக் கேட்டு வாங்குங்கள்.