"இணையான பொருள்" என்று கடிதம் வந்தால்: பெங்களூரில் எங்கள் சமையலறைக்கு நடந்தது

வைட்ஃபீல்டு பக்கம் புது வீட்டுக்கு மரவேலை செய்யக் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் சமையலறை, யூட்டிலிட்டி, குளியலறை அலமாரி மூன்றுக்கும் "ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட், 18 மி.மீ." என்று தெளிவாக எழுதியிருந்தது. வேலை தொடங்கிய பிறகு கான்ட்ராக்டர் லெட்டர்பேடில் ஒரு கடிதம் அனுப்பினார். குறிப்பிட்ட பலகை கிடைக்கத் தாமதமாகிறது, அதற்கு "இணையான அல்லது மேலான" வேறொரு வாட்டர்புரூஃப் பலகையைப் போடுகிறோம், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை என்று இருந்தது. கூடவே ஒரு ஒப்பீட்டு அட்டவணை:

| விவரம் | ஒப்பந்தப்படி | மாற்று |
|---|---|---|
| தடிமன் | 18 மி.மீ. | 18 மி.மீ. |
| அளவு | 8 x 4 அடி | 8 x 4 அடி |
| பசை | ஃபீனாலிக் | ஃபீனாலிக் |
| வாட்டர்புரூஃப் | ஆம் | ஆம் |
| ஐ.எஸ்.ஐ. முத்திரை | உண்டு | உண்டு |
| கிடைக்கும் நாள் | தாமதம் | உடனே |

பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! கையெழுத்துப் போட்டோம், வேலையும் முடிந்தது. முதல் மழைக்காலம் தாண்டுவதற்குள் சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியின் அடிப்பலகை ஓரம் உப்பி, லேமினேட் விரலால் தூக்கினால் வருகிற அளவுக்குப் பிரிந்தது. உள்ளே பலகையின் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன. குழாயில் பெரிய கசிவு எதுவும் இல்லை, பாத்திரம் கழுவும்போது சொட்டுகிற தண்ணீர்தான்.

பார்க்க வந்த ஆசாரி கும்பகோணத்துக்காரர். பரணில் கிடந்த மிச்சத் துண்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "அக்கா, முத்திரைக்கு மேல என்ன எண் போட்டிருக்குன்னு பாருங்க. இது 303. 710 இல்ல." ஐ.எஸ்.ஐ. முத்திரை போலியில்லை. அது ஐ.எஸ். 303-க்கு வாங்கிய முத்திரை, அவ்வளவுதான்.

இரண்டு தரத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த அட்டவணையில் ஒரு வரியில்கூட இல்லை. ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டு பிளைவுட். அதில் பி.டபிள்யூ.ஆர். என்கிற, கொதிநீர் தாங்கும் வகை ஈரத்தை ஓரளவு தாங்கும். எட்டு மணி நேரம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மறுபடி கொதிக்கவைத்துத்தான் அதைச் சோதிப்பார்கள். ஐ.எஸ். 710-ன் மரைன் பலகை 72 மணி நேரக் கொதிநீரில் பசை விடாமல் நிற்க வேண்டும். பூச்சி, பூஞ்சைக்கு எதிரான மருந்து ஏற்றுவதும் கட்டாயம். சிங்க் அடியில் வேலை செய்வது இந்த இரண்டும்தான். கடிதத்தில் பசையின் பெயர் மட்டும் இருந்தது. பசை ஒன்றாக இருக்கலாம், ஆனால் அது எத்தனை மணி நேரம் பிடித்து நிற்கிறது என்பதுதானே கேள்வி?

நியாயமாகச் சொன்னால் 303 மோசமான பலகை இல்லை. படுக்கையறை வார்ட்ரோபுக்குத் தாராளமாகப் போடலாம். உண்மையான மாற்றுக் கடிதம் என்றால் இடத்தைப் பிரித்துச் சொல்லியிருக்கும்: இங்கே மாற்றலாம், சிங்க் அடியில் கூடாது. இரண்டு பலகைகளின் ஐ.எஸ். எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, சோதனை அறிக்கையை இணைத்து, விலை வித்தியாசத்தையும் காட்டியிருக்கும். எங்கள் கடிதத்தில் விலைக்கு வரியே கிடையாது. அப்புறம் மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் கடைகளில் விசாரித்தேன். ஒரே கம்பெனியின் இரண்டு தரத்துக்குச் சதுர அடிக்கு 30 ரூபாய் வித்தியாசம் சொன்னார்கள். ஒரு பலகை 32 சதுர அடி. எங்கள் வீட்டில் ஈரம் படுகிற இடத்துக்கு மட்டும் 20 பலகை. 20 x 32 x 30, அதாவது 19,200 ரூபாய். "கூடுதல் செலவில்லை" என்றது உண்மைதான், மிச்சம் யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

லேமினேட் ஒட்டிய பிறகு எந்த முத்திரையும் கண்ணில் படாது. அதனால் பலகை சைட்டில் இறங்குகிற அன்றே முத்திரையைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண் இருக்கும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் BIS Care செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் எந்தத் தரத்துக்கு, செல்லுபடியாகிறதா என்று காட்டும். கடை பில்லின் நகலையும் வாங்கி வையுங்கள். அதில் வெறும் "வாட்டர்புரூஃப் பிளை" என்று மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

கான்ட்ராக்டர் முதலில் "நீங்கதானே சைன் பண்ணீங்க" என்றார். கையெழுத்துப் போட்டது "இணையான அல்லது மேலான" என்று அவரே எழுதிய வாசகத்துக்குக் கீழே. உப்பிய பலகையின் படம், மிச்சத் துண்டின் முத்திரைப் படம், அந்தக் கடிதம் மூன்றையும் இணைத்து மெயில் அனுப்பிய பிறகு பேச்சு மாறியது. சிங்க் அலமாரியையும் யூட்டிலிட்டியையும் 710-ல் மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு பலகையையும் வெட்டுவதற்கு முன் நானே படம் எடுத்தேன். மற்ற அலமாரிகளின் விலை வித்தியாசத்தை மட்டும் தர மறுக்கிறார். அதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம்.