ரீட்-ரைட் லாக்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகும் தீராத ஒரே எரிச்சல்

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "எங்கள் புரோகிராமில் படிக்கிற த்ரெட்தான் அதிகம், எழுதுவது எப்போதாவதுதான். ரீட்-ரைட் லாக் போடலாமா? நீங்கள் ரொம்ப நாளாக ஓட்டுகிறீர்களே, எப்படி இருக்கிறது?" பதில் எழுத ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கேயே போடுகிறேன். ஒரே நேரத்தில் பல ரீடர் உள்ளே இருக்கலாம், ரைட்டர் என்றால் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்கிற அடிப்படை தெரிந்தவர்களுக்குத்தான் இது.

எங்களுடையது லினக்ஸ் சர்வர். உள்ளே ஒரு ரூட்டிங் டேபிள். வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகும். ஒரே ஒரு த்ரெட் மட்டும் சில விநாடிகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். `pthread_rwlock_t` போட்டோம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ரீடர்கள் ஒன்றையொன்று தடுக்காததால் சாதாரண மியூடெக்ஸை விட நன்றாகவே ஓடியது. டேபிளுக்குள் தேடுவதற்குச் சில மில்லிவிநாடி பிடிக்கிற எங்கள் மாதிரி வேலைக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

எரிச்சல் எங்கே வந்தது என்றால், சர்வரில் த்ரெட் எண்ணிக்கையைக் கூட்டியபோது. டேபிள் புதுப்பிக்கப்படுவது தள்ளிப் போக ஆரம்பித்தது. இதில் மோசமான விஷயம், வெளியே எதுவும் தெரியாது. பிழைச் செய்தி கிடையாது, கோரிக்கைகளுக்குப் பதில் வேகமாகத்தான் போகிறது, ஆனால் பழைய டேபிளைப் பார்த்துப் போகிறது. `gdb`-ஐ இணைத்து `thread apply all bt` அடித்தால்தான், ரைட்டர் த்ரெட் மட்டும் `pthread_rwlock_wrlock`-இல் நின்றுகொண்டிருப்பது தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

காரணம், glibc-இல் இந்த லாக் இயல்பாகவே ரீடருக்கு முன்னுரிமை தருகிறது. ரைட்டர் காத்திருந்தாலும், உள்ளே ஏற்கெனவே ஒரு ரீடர் இருந்தால் புதிதாக வருகிற ரீடரையும் விட்டுவிடும். 1971-இல் கூர்ட்வா, ஹேமன்ஸ், பார்னஸ் மூவரும் இந்தப் பிரச்சினையை எழுதியபோதே இரண்டாகப் பிரித்துத்தான் எழுதினார்கள். முதலாவதில், ஒரு ரைட்டர் உண்மையிலேயே உள்ளே இருந்தால் தவிர எந்த ரீடரும் காத்திருக்கக் கூடாது. இரண்டாவதில், ஒரு ரைட்டர் தயாராகிவிட்டால் முடிந்த அளவு சீக்கிரம் அதற்கு வழிவிட வேண்டும். முதலாவதின் தீர்வு, அறைக்குள் முதலில் நுழைபவர் விளக்கைப் போட்டு, கடைசியாக வெளியேறுபவர் அணைப்பதைப் போன்றது: முதல் ரீடர் ரைட்டரைத் தடுக்கும் செமஃபோரைப் பிடிக்கும், கடைசி ரீடர் விடும். அந்தக் "கடைசி" வரவே இல்லை என்றால் ரைட்டர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் சராசரியாக 3 மில்லிவிநாடி லாக்கைப் பிடித்திருக்கிறது, 1 மில்லிவிநாடி வெளியே இருக்கிறது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்து போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு த்ரெட் வெளியே இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு த்ரெட் என்றால் இரண்டும் சேர்ந்து வெளியே இருக்க 16-இல் ஒன்று, ஏறக்குறைய 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ரைட்டருக்கு இடைவெளி கிடைக்கும். நான்கு த்ரெட்டுக்கு 64 மில்லிவிநாடி. எட்டு த்ரெட்டுக்கு 65,536-இல் ஒன்று, அதாவது சுமார் 8 விநாடிக்கு ஒருமுறைதான் இடைவெளி. பன்னிரண்டு த்ரெட் ஆனால் சுமார் 23 நிமிடம்! டெஸ்ட் மெஷினில் இரண்டு த்ரெட்டோடு ஓட்டிப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

சரி, ரைட்டருக்கு முன்னுரிமை கொடுத்துவிடலாமே என்று பார்த்தால் `PTHREAD_RWLOCK_PREFER_WRITER_NP` என்று ஒன்று இருக்கிறது. எனக்கு இன்னும் கோபம் தீராத இடம் இதுதான். அதைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும், பிழை எதுவும் திருப்பாது, ஆனால் ஒன்றுமே செய்யாது. ரீடர் முன்னுரிமையாகவே ஓடும். மேன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள், glibc இதைக் கண்டுகொள்ளாது என்று. உண்மையில் வேலை செய்வது இன்னொன்று:

```c
pthread_rwlockattr_t a;
pthread_rwlockattr_init(&a);
pthread_rwlockattr_setkind_np(&a,
    PTHREAD_RWLOCK_PREFER_WRITER_NONRECURSIVE_NP);
pthread_rwlock_init(&lock, &a);
```

அவர்கள் சொல்கிற காரணம் நியாயமானது, அதையும் சொல்ல வேண்டும். ஒரே த்ரெட் ரீட் லாக்கை இரண்டு முறை எடுக்க போசிக்ஸ் அனுமதிக்கிறது. இப்போது ஒரு ரீடர் லாக்கை எடுத்துவிட்டது, அப்புறம் ஒரு ரைட்டர் வந்து காத்திருக்கிறது, அந்த ரீடர் உள்ளே கூப்பிடுகிற இன்னொரு ஃபங்ஷன் அதே லாக்கை மறுபடி ரீடுக்குக் கேட்கிறது என்று வையுங்கள். ரைட்டருக்கு முன்னுரிமை என்பதால் இரண்டாவது கோரிக்கை ரைட்டருக்குப் பின்னால் நிற்கும். ரைட்டரோ முதல் லாக் விடுபடுவதற்காக நிற்கும். டெட்லாக். "நான் அப்படி இரண்டு முறை எடுக்க மாட்டேன்" என்று நாம் உறுதி சொல்வதுதான் அந்த நீளமான பெயர். கோ மொழியின் `sync.RWMutex`-இலும் இதே நிலைதான்: ரைட்டர் காத்திருக்கும்போது புது ரீடரை விடாது, அதனால் ரீட் லாக்கை அடுக்கி எடுக்காதே என்று ஆவணத்திலேயே தடுத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. செய்ய முடியாது என்றால் மறுத்துவிட வேண்டும், வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எந்த விதத்தில் சரி?

மாற்றிய பிறகு டேபிள் உடனுக்குடன் புதுப்பிக்கப்பட ஆரம்பித்தது, உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ரைட்டர் வந்து நின்றதும் புது ரீடர் எல்லாம் நிற்கும், உள்ளே இருக்கும் பழைய ரீடர்கள் முடிக்கிற வரை. எல்லாரும் 3 மில்லிவிநாடியில் முடித்தால் கவலையில்லை. ஒரே ஒரு ரீடர் பெரிய தேடலில் 40 மில்லிவிநாடி உட்கார்ந்துவிட்டால், மற்ற எல்லாரும் அந்த 40-ஐயும் காத்திருக்க வேண்டும். சராசரி நேரத்தைப் பார்த்தால் தெரியாது. மிக மெதுவான நூற்றில் ஒரு கோரிக்கையைப் பார்த்தால் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் ஒரு முள் எழும்பியிருக்கும். ரைட்டர்கள் நிறைய இருந்தால் ரீடர்கள் பட்டினி கிடக்கவும் வாய்ப்புண்டு, எங்களுக்கு ரைட்டர் ஒன்றே ஒன்று என்பதால் அது வரவில்லை.

அந்த முள்ளைக் குறைக்க, புது டேபிளை லாக்குக்கு வெளியே முழுவதும் கட்டி, உள்ளே பாயின்டரை மட்டும் மாற்றினோம். ரீடரும் லாக்குக்குள் `shared_ptr`-ஐ மட்டும் நகலெடுத்துக்கொண்டு வெளியே வந்து, தேடலை வெளியே வைத்துக்கொள்கிறது. இப்போது லாக் பிடிக்கிற நேரம் மைக்ரோவிநாடி அளவுகூட இல்லை. இவ்வளவு குறுகிய வேலைக்கு ரீட்-ரைட் லாக்கின் லாபமும் போய்விடுகிறது, ஏனென்றால் ரீட் லாக் எடுப்பதற்கே எல்லா கோரும் ஒரே எண்ணிக்கையை மாற்றியாக வேண்டும், அந்த கேஷ் லைன் கோருக்குக் கோர் தாவிக்கொண்டே இருக்கும்.

ஆக, நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் சர்வரிலிருந்து இதை எடுக்க மாட்டேன், ஒழுங்காக வைத்தால் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் புதிதாக எழுதினால் பாயின்டர் நகல், சாதாரண மியூடெக்ஸ், அவ்வளவுதான். நகலெடுக்கவே முடியாத பெரிய டேபிள், நீண்ட தேடல் என்றால் மட்டும் ரீட்-ரைட் லாக்குக்கு வாருங்கள், அப்போதும் அந்த நீளமான பெயரைக் கொடுத்து, ரீட் லாக்கை அடுக்கி எடுக்கிற ஃபங்ஷன் எங்காவது இருக்கிறதா என்று தேடிவிட்டு. சி++ காரர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: `std::shared_mutex`-இல் முன்னுரிமையைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.