மூன்றில் ஒரு பங்கு விதியா, வெற்றிடமா? ஓர் அட்டைப்படம் காட்டிய வேறுபாடு

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அட்டைப்படம் தேவைப்பட்டது. எழுத்து விவரிப்பிலிருந்து படம் உருவாக்கும் எஸ்டிஎக்ஸ்எல் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியில் 832×1216 பிக்சல் அளவில், படம் தொடங்கும் புள்ளியைத் தீர்மானிக்கும் அதே நான்கு சீட் எண்களை வைத்துக்கொண்டு, ப்ராம்ப்ட் எனப்படும் அந்த விவரிப்பில் காட்சியமைப்புச் சொல்லை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இறுதியில் நான் தேர்ந்தெடுத்தது நெகட்டிவ் ஸ்பேஸ், அதாவது வெற்றிடம்.

படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியப் பொருளை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளின் மேல் வைப்பதே மூன்றில் ஒரு பங்கு விதி. அதன் ஆங்கிலப் பெயரான ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்று எழுதியபோது, தொழிலாளி பெரும்பாலும் நடுவிலேயே நின்றார். ஒரு படத்தில் வானத்தின் மேல் மெல்லிய கட்டக் கோடுகள்கூட விழுந்திருந்தன. இணையப் படங்களின் விளக்கக் குறிப்புகளில் இச்சொல் அரிதாகவும், புகைப்படப் பாடங்களில் அடிக்கடியும் வருவதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். விதியின் பெயருக்குப் பதிலாக, ஆள் கீழ் வலப்புறத்தில் சிறிதாக நிற்கிறார் என்று இடத்தையே சொன்னபோது பலன் கூடியது, ஆனாலும் எல்லா முறையும் அல்ல.

பார்வையை முக்கியப் பொருளை நோக்கி இழுக்கும் கோடுகளைக் குறிக்கும் லீடிங் லைன்ஸ் தனிச்சொல்லாக வலுவற்றது. கோடாக நிற்கப்போகும் பொருளைச் சொல்ல வேண்டும். பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்புகளைக் குறிப்பிட்ட பிறகே அவை ஆளை நோக்கிக் குவிந்தன.

அட்டைப்படத்தில் என் தீர்ப்பை முடிவு செய்தது தலைப்புக்கான இடம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மேல் மூன்றில் ஒரு பங்கில், ஏறக்குறைய 405 பிக்சல் உயரத்துக்குள், மேகமும் பறவைகளும் நெருக்கிக்கொண்டிருந்தால், எழுத்துக்குப் பின்னே நிழலோ பட்டையோ போட்டுத்தான் ஒப்பேற்ற வேண்டியிருக்கும். வெற்றிடச் சொல்லும் தனியாகப் போதாது. அந்த இடத்தை எது நிரப்புகிறது என்பதையும் எழுத வேண்டும். நான் இறுதியாக வைத்துக்கொண்டது இது:

```
salt pan worker, small figure in the lower right,
narrow mud ridges leading toward him,
plain pale sky filling the upper half, negative space
```

இங்கே இரண்டு தவறுகளைச் செய்துதான் கற்றேன். book cover என்று சேர்த்தவுடன் வானத்தில் பொருளற்ற எழுத்துகள் முளைத்தன. பெயரில் மயங்கி negative space என்பதை, படத்தில் வரக்கூடாதவற்றை எழுதும் நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டியில் இட்டபோது, எதை வேண்டினேனோ அதையே விலக்கச் சொன்னதாகிவிட்டது. படம் தேறியதா என்று அறிய, தலைப்பைக் கறுப்பு எழுத்தில் அதன்மேல் வைத்து, கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். எழுத்து அப்போதும் தெளிவாக இருந்தால் வைத்துக்கொள்வேன். அச்சகத்தார் ஓரங்களில் வெட்டுக்கு விளிம்பு கேட்டபோதும், வெறும் வானத்தை மேல்நோக்கி நீட்டுவது எளிதாக இருந்தது.

அருகிலுள்ள ஒரு பொருளால் காட்சியைச் சுற்றி வளைக்கும் முன்புலச் சட்டகத்தை இரண்டு முறைதான் முயன்றேன் என்பதால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. frame என்ற சொல்லுக்கு ஒருமுறை மரச்சட்டம் போட்ட ஓவியமே வந்தது. குடிசையின் இருண்ட வாசல் வழியாகத் தெரியும் உப்பளம் என்று எழுதியபோது சட்டகம் சரியாக அமைந்தது. ஆனால் இருண்ட வாசல் மேற்பகுதியை எடுத்துக்கொண்டதால், தலைப்பை வெள்ளை எழுத்தில் அங்கேயே வைக்க வேண்டியதாயிற்று.