நிலைமுதலா, மாறுபடும் முதலா?

கூட்டாளிகளின் முதல் கணக்கை இரண்டு முறையில் எழுதலாம்: போட்ட முதலைத் தொடாமல் வைப்பது நிலைமுதல், வரவும் எடுப்பும் முதலிலேயே சேர்வது மாறுபடும் முதல். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை, மூன்று கூட்டாளிகள். முதல் 8, 5, 2 லட்சம். முதலுக்கு வட்டி 6%. கடையில் நிற்கும் இளையவருக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம். லாபப் பங்கு 3:2:1. இளையவரின் பங்கு ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பது உறுதி.

லாபம் 6,00,000. வட்டி 90,000, சம்பளம் 1,20,000 போக மீதி 3,90,000. இளையவர் பங்கு 65,000 தான். குறையும் 35,000 ரூபாயை மற்ற இருவரும் 3:2 கணக்கில் 21,000, 14,000 என்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

வட்டி 12,000, சம்பளம் 1,20,000, பங்கு 1,00,000 என இளையவருக்குச் சேர்வது 2,32,000. ஆண்டில் எடுத்ததோ 2,52,000.

நிலைமுதல் முறை: முதல் 2 லட்சமாகவே நிற்கும். நடப்புக் கணக்கு (வங்கிக் கணக்கு அல்ல, பேரேட்டில் ஒரு பக்கம்) 20,000 பற்று காட்டும்.
மாறுபடும் முறை: ஒரே கணக்கு, முதல் 1,80,000 ஆகும்.

அடுத்த ஆண்டு வட்டி: முன்னதில் 12,000, பின்னதில் 10,800. அதிகம் எடுத்தவரின் வட்டி பின்னதில் தானே குறைகிறது. முன்னதில் குறையாது, நடப்புக் கணக்கின் பற்றுக்கும் வட்டி உண்டென்று ஒப்பந்தத்தில் எழுதினால்தான் நியாயம்.

எழுத்து வேலை: முன்னதில் ஆளுக்கு இரண்டு கணக்கு, பின்னதில் ஒன்று.

சண்டை வருவது வேறிடத்தில். உறுதித்தொகையில் சம்பளமும் வட்டியும் அடங்குமா? அடங்கும் என்றால் இளையவருக்கு ஏற்கெனவே 1,97,000 வந்துவிட்டது, குறைவே இல்லை. இதை எழுதாமல் விட்டால் எந்த முறையும் காப்பாற்றாது. ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி சம்பளமும் இல்லை, முதலுக்கு வட்டியும் இல்லை.

மாதாமாதம் எடுக்கும் கூட்டாளி இருந்தால் நிலைமுதல். இருவர் மட்டும், சம முதல், ஆண்டுக்கொரு முறைதான் எடுப்பு என்றால் மாறுபடும் முதலே போதும்.