தானியங்கிச் சப்டைட்டில் வந்துவிட்டதா? மூன்று வருடப் பழக்கத்தில் நான் பார்க்கும் இடங்கள்

திருகோணமலையில் சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மூன்று வருடமாகப் பாடங்களைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றி, இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் மாணவி ஒருத்திக்குக் காது சரியாகக் கேட்காது. உப்புவெளியில் வீட்டிலிருந்தபடி, திரையில் ஓடும் எழுத்தை வாசித்துத்தான் அவள் பாடத்தைப் பின்தொடர்கிறாள். அதனால் எழுத்து வந்துவிட்டதா என்று உறுதி செய்யாமல் நான் இணைப்பை அனுப்புவதில்லை.

தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 34 நிமிடப் பாடம் ஒன்றை ஏற்றினேன். காணொளி முழுத் தரத்தில் தயாராகிவிட்டது, பதிப்புரிமைச் சோதனையும் முடிந்துவிட்டது என்று காட்டியதும் எல்லாம் சரி என்று நினைத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை அவளுடைய அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "டீச்சர், பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள், கீழே எழுத்து ஒன்றும் வரவில்லை."

படம் தயாராவது வேறு, சப்டைட்டில் தயாராவது வேறு என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை தனியாக நடக்கிறது. அது எப்போது முடியும் என்று ஏற்றும் பக்கம் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் இடம், ஏற்றிய காணொளிகளை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவின் இடப்பக்கப் பட்டியலில் இருக்கிறது. Subtitles என்றோ, சில கணக்குகளில் Languages என்றோ இருக்கும். அங்கே காணொளியின் தலைப்பை அழுத்தினால் மொழிகள் வரிசையாக வரும். ஆங்கில வரியில் Published என்றும் அதனுடன் Automatic என்றும் இருந்தால் எழுத்து உருவாகி வெளியாகிவிட்டது. மொழியின் பெயர் மட்டும் இருந்து பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் இன்னும் வரவில்லை. அந்த 34 நிமிடப் பாடத்துக்கு அந்த இடம் ஞாயிறு மாலை வரை வெறுமையாகவே கிடந்தது.

பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கமராவை ஓடவிட்டுவிட்டு, கரும்பலகையில் சொற்களை எழுதி முடிக்கும் வரை மூன்று நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. தொடக்கத்தில் நீண்ட அமைதி இருந்தால் தானியங்கிச் சப்டைட்டில் வராமல் போகலாம் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. ஒலி தெளிவில்லாதது, பலர் ஒரே நேரத்தில் பேசுவது, காணொளி மிக நீளமாக இருப்பது ஆகியவையும் அந்தக் காரணங்களில் அடங்கும். முதல் மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டு, காணொளியின் மொழி ஆங்கிலம் என்பதையும் விவரப் பக்கத்தில் குறித்துப் புதிதாக ஏற்றினேன். அன்றிரவு படுக்கும் முன் பார்த்தபோது Published வந்திருந்தது. இன்று நான் எந்தப் பதிவையும் பேச்சோடுதான் தொடங்குகிறேன். பலகையில் எழுதும் வேலையெல்லாம் முதலிலேயே முடிந்துவிடும்.

ஸ்டூடியோவில் பார்த்ததோடு நான் நிறுத்துவதில்லை. அதற்குக் காரணம் இன்னொரு பாடம். தானாக வந்த எழுத்தில் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருந்தன. கன்னியா, நிலாவெளி இரண்டுமே ஏதோ ஆங்கிலச் சொற்களாக மாறியிருந்தன. Duplicate and edit என்பதை அழுத்தி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். திருத்திய பிரதி தானாகச் சேமிக்கப்பட்டது, ஆனால் Draft என்ற நிலையில். நான் Publish அழுத்தவில்லை. என் திரையில் திருத்தங்கள் எல்லாம் அழகாகத் தெரிந்தன. மாணவி பார்த்ததோ பழைய பிழைகளைத்தான்.

ஆகவே இப்போது கணக்கில் நுழையாத மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, அவளுக்கு அனுப்பப்போகும் அதே இணைப்பை ஒட்டுகிறேன். பற்சக்கர அடையாளத்தை அழுத்திச் சப்டைட்டில் பட்டியலைப் பார்த்தால் English (auto-generated) என்று இருக்க வேண்டும். நான் திருத்தி வெளியிட்டிருந்தால் வெறும் English என்ற வரியும் இருக்க வேண்டும். பார்ப்பவரின் கண்ணால் பார்க்கும் இந்தச் சோதனையைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகம் நம்புகிறேன். காணொளி முழுக்கத் தனிப்பட்டதாக, Private ஆக இருந்தால் இந்தச் சாளரத்தில் திறக்காது; அப்போது முதலில் அந்த நிலையை மாற்ற வேண்டும்.

கடைசியாக விவரப் பகுதியை விரித்து Show transcript அழுத்துகிறேன். எழுத்து முழுவதும் நேரக் குறிப்போடு பக்கவாட்டில் திறக்கும். நேரே அடிப்பகுதிக்குப் போய், 31 நிமிடப் பாடத்தில் கடைசி வரி 30:40 அளவில் "சீ யூ நெக்ஸ்ட் வீக்" என்ற என் வழக்கமான விடைபெறலோடு முடிகிறதா என்று பார்ப்பேன். பிறகு நடுப்பகுதியில் ஓர் இடத்தையும் வாசிப்பேன். இலக்கணத்தைச் சில நிமிடம் தமிழில் விளக்குவது என் வழக்கம். ஆங்கிலம் என்று குறித்த காணொளியில் அந்த இடம் பொருளற்ற ஆங்கிலச் சொற்களாக வரும். Published என்ற சொல்லுக்கு வெளியானது என்பதுதான் பொருள், சரியானது என்பதல்ல. அந்தத் தமிழ்ப் பகுதியை மட்டும் நானே தட்டச்சு செய்து, Publish அழுத்தி, மறைநிலைச் சாளரத்தைப் புதுப்பித்துப் பார்க்கிறேன். வரி மாறியிருந்தால் இணைப்பு உப்புவெளிக்குப் போகும்.