எண்ணெய் காய்ந்ததா? மரக்கரண்டிக் காம்பும் ஒரு துளி மாவும்

பல வருஷமாக பஜ்ஜி, வடை, அதிரசம் எல்லாவற்றையும் தெர்மாமீட்டர் இல்லாமல்தான் பொரிக்கிறேன். எண்ணெயின் சூட்டைப் பார்க்க என்னிடம் இருப்பவை மரக்கரண்டியின் காம்பும் ஒரு துளி மாவும்தான். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது என்பதைக் காம்பு சொல்லும். அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டதா என்பதை மாவுதான் சொல்லும்.

முதலில் காம்பு. மரத்தின் நுண்துளைகளில் கொஞ்சம் ஈரமும் காற்றும் எப்போதும் இருக்கும். சூடான எண்ணெயில் முனையை விட்டால் அந்த ஈரம் ஆவியாகி, குமிழாக வெளியே வரும். ஒன்றிரண்டு குமிழ் சோம்பலாக வந்தால் இன்னும் காயவில்லை. காம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் விடாமல் வந்தால் பொரிக்கத் தொடங்கலாம். ஆனால் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும் என்பதை மறக்கக் கூடாது. அப்போதுதான் கழுவிய கரண்டி என்றால், பொரிப்பதற்கு வேண்டிய சூடு வருமுன்பே குமிழ் பொங்கிவிடும், எண்ணெயும் தெறிக்கும். நேர்மாறாக, நாள்பட்ட கரண்டியில் துளைகளெல்லாம் எண்ணெய் குடித்து அடைத்துப்போயிருக்கும். நன்றாகக் காய்ந்த எண்ணெயிலும் அது சும்மா நிற்கும். வார்னிஷ் அடித்த காம்பு இந்த வேலைக்கே ஆகாது. இதற்கென்றே ஒரு சாதாரண மரக்கரண்டியைத் தனியாக உலர வைத்திருக்கிறேன். ஒரே கரண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் குணம் பழகிவிடும், அதுதான் இதில் பாதி வித்தை.

மாவுத் துளி இன்னும் விவரமாகப் பேசும். வாழைக்காய் பஜ்ஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். இருப்புச்சட்டியில் அரை லிட்டர் கடலை எண்ணெய், நடுத்தரத் தீ. முதலில் எண்ணெயை ஒரு முறை கிளறிவிடுவேன், ஏனென்றால் அடியில் இருக்கும் சூடு மேலே இருக்காது. அப்புறம் மிளகு அளவுக்கு மாவை நடுவில் விடுவேன். மாவு எண்ணெயைவிடக் கனமானது, அதனால் முதலில் மூழ்கும். உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ்கள்தான் அதைத் தூக்கிவிடுகின்றன. துளி அடியில் போய் உட்கார்ந்து, யோசித்துவிட்டு மெதுவாக எழுந்தால் சுமார் 150, 160 டிகிரி. இப்போது பஜ்ஜியைப் போட்டால் எண்ணெய் குடிக்கும். பாதி ஆழம் போய்ச் சட்டென்று மேலே வந்து, சுற்றிலும் குமிழோடு மிதந்தால் 170, 180 பக்கம். அதுதான் பஜ்ஜிக்கு வேண்டிய சூடு. மூழ்காமல் மேலேயே சிதறி உடனே சிவந்தால் 190-ஐத் தாண்டிவிட்டது. பஜ்ஜி மேலே கருகும், வாழைக்காய் வேகாது. தெம்புரா பொரிக்கும் ஜப்பானியச் சமையற்காரர்களும் துளி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்துத்தான் சூட்டை அளக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த மாவைப் பொரிக்கப்போகிறீர்களோ, அதே மாவைத்தான் விட்டுப் பார்க்க வேண்டும். சோடா போட்ட பஜ்ஜி மாவு கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே எழும்பிவிடும். நன்றாக ஆட்டிய உளுந்து மாவிலோ ஏகப்பட்ட காற்று. தண்ணீரிலேயே மிதக்கும், எண்ணெயில் கேட்கவா வேண்டும்? அதனால் மெதுவடைக்கு ஆழத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்ப்பேன். துளியைச் சுற்றி உடனே குமிழ் வர வேண்டும், ஆனால் சிவக்கக் கொஞ்ச நேரம் எடுக்க வேண்டும். போட்ட கையோடு சிவந்தால் தீயைத் தணித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் ஈட்டில் சரியாக இருந்த சூடு இரண்டாவது ஈட்டில் இருக்காது. நாலு பஜ்ஜி சேர்ந்து விழுந்தாலே எண்ணெய் சட்டென்று ஆறும். எடுத்த பிறகு தீ அப்படியே எரிந்தால், அடுத்த ஈடு போடுவதற்குள் ஏறியும்விடும். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் மறுபடியும் ஒரு துளி விட்டுப் பார்ப்பது அதனால்தான். அந்தத் துளிகளை அரிகரண்டியால் எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் கருகி எண்ணெய் முழுக்கக் கசப்பேறும்.

சரி, அப்படியானால் காம்பு எதற்கு? அதிரசத்துக்கு. பாகு சேர்ந்த மாவு சீக்கிரம் கருகும்; எண்ணெய் மிதமாகத்தான் காய வேண்டும். காம்பைச் சுற்றி நிதானமாகக் குமிழ் வரத் தொடங்கும் அந்த நேரமே அதற்குச் சரி. அப்பளத்துக்கு மட்டும் நான் இரண்டையும் நம்புவதில்லை. ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளிப் போடுவேன், போட்டதும் விரிந்தால் சரி.

பல முறை காய்ச்சிய எண்ணெயில் காம்புச் சோதனை ஏமாற்றும். பழைய எண்ணெய் நுரை கட்டும், நுரைக்குள் குமிழைப் பிரித்துப் பார்க்க முடியாது. அது குறைந்த சூட்டிலேயே புகையவும் செய்யும். புகை தெரிந்துவிட்டால் பிறகு எந்தச் சோதனையும் வேண்டாம், அடுப்பை அணைத்துவிடுங்கள்.