நெல்லுக்கு ஒரு கிரயம், அரிசிக்கு எத்தனை? எடைப்படி பிரிப்பதா, தேறிய பெறுமதிப்படி பிரிப்பதா

கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10,000 கிலோ நாடு நெல், கிலோ 120 ரூபாப்படி 1,200,000. அவித்து, காயவைத்து, குத்தித் தவிடு நீக்கும்வரை 110,000. விளைபொருள்கள் தனித்தனியாகும் பிரிபடு புள்ளியில், எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கும் இணைந்த கிரயம் 1,310,000 ரூபா. (விலைகள் கணக்கு விளங்க வைத்தவை. உங்கள் ஆலையின் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

வெளியே வருவது அரிசி 6,000 கிலோ, குறுணல் 600, தவிடு 800, உமி 2,000. மிச்சம் ஈரமும் தூசியும் கல்லும்.

அரிசியைக் கலர் சோட்டரில் விட்டு, பையிலிட்டு 230 ரூபாவுக்கு விற்கலாம். அதற்கு மேலதிகச் செலவு கிலோவுக்கு 10 ரூபா. தேறிய பெறுமதி, அதாவது விற்பனை விலையில் பிரிபட்ட பின்னான செலவைக் கழித்தது, 1,320,000. குறுணலை மாவாக்கினால் 180 ரூபாப்படி 108,000. அரைக்கவும் பொதியிடவும் 28,000 போக 80,000. தவிட்டில் சாக்கும் கூலியும் போக 50,000 மிஞ்சும்.

தவிட்டின் 50,000ஐ முதலில் கழித்தால் பிரிக்க வேண்டியது 1,260,000. தேறிய பெறுமதிகளின் கூட்டு 1,400,000. ஆக ஒவ்வொரு ரூபாப் பெறுமதிக்கும் 90 சதம் கிரயம். அரிசிக்கு 1,188,000, குறுணலுக்கு 72,000.

எடைப்படி பிரிப்பவர்கள் அரிசிக்கும் குறுணலுக்கும் கிலோ ஒன்றுக்கு ஒரே 190.91 ரூபாவைப் போடுவார்கள். சுலபம்தான், விலை தேடி அலையவும் வேண்டாம். ஆனால் குறுணலில் 114,545 ஏறி, அரைவைச் செலவும் சேர, 108,000க்கு விற்கும் மாவின் கிரயம் 142,545 ஆகிவிடும். இதைப் பார்த்த முதலாளி மாவை நிறுத்தச் சொல்வார். குறுணலை அப்படியே 120 ரூபாவுக்குக் கொடுத்தால் கிடைப்பது 72,000, மாவாக்கினால் 80,000. நிறுத்தினால் 8,000 நட்டம். இந்த முடிவுக்கு எந்தப் பங்கீடும் தேவையில்லை, பிரிபட்ட பின்னான வரவு செலவு போதும். எடைமுறை இல்லாத நட்டத்தைக் காட்டி ஆளைக் குழப்பும், அவ்வளவே.

எனக்கு முக்கியம் மார்ச் 31. காலபோக அறுவடை முடியும் நேரம் அதுதான், களஞ்சியம் நிறைந்திருக்கும் நாளில்தான் ஏட்டை மூடுகிறோம். எடைமுறையில் மாவு இருப்புக் கிலோ 237.58 ரூபாவில் நிற்கும். விற்கும் விலை 180. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2இன்படி கிரயம், தேறிய பெறுமதி இரண்டில் குறைந்ததைத்தான் காட்டலாம் என்பதால், 200 கிலோ மிச்சமிருந்தாலே 11,500 ரூபா அளவில் வெட்ட வேண்டும். அதே வேளையில் அரிசியில் ஏற வேண்டிய கிரயம் ஏறாமல் கிடக்கும். தேறிய பெறுமதி முறையில் மாவு 166.67இல் நிற்பதால் வெட்டத் தேவையில்லை.

இனித் தவிடு. தவிட்டு விற்பனையை ‘ஏனைய வருமானம்’ என்று எழுதும் ஆலைகள் உண்டு. பச்சைத் தவிடு சீக்கிரம் காறிப்போகும், அவித்த நெல்லின் தவிட்டையும் அதிகம் வைத்திருக்க முடியாது. அதனால் தவிடு உடனே போய்விடும், அரிசியோ காத்திருக்கும். இந்த நெல்லில் வந்த அரிசியும் மாவும் சரிபாதி மார்ச் 31இல் கிடந்தால், வருமானமாக எழுதும் வழியில் விற்றவற்றின் பங்குக் கிரயம் 655,000, தவிட்டு வருமானம் 50,000, நிகரம் 605,000. கழிக்கும் வழியில் அது 630,000. பாதி அரிசி விற்கப்படாமலே 25,000 ரூபா இலாபம் முன்கூட்டி வந்துவிடுகிறது. இருப்பும் அதே அளவு கூடித் தெரியும். நான் கழிக்கும் வழியின் பக்கம். நியமமும் முக்கியத்துவம் குறைந்த பக்க விளைபொருளுக்கு அதையே சொல்கிறது. உற்பத்தியான அன்றே தவிட்டு இருப்புக்கு 50,000 வரவும், இணைந்த கிரயக் கணக்குக்குச் செலவும் எழுதுங்கள். பிறகு விற்ற விலை சற்று மாறினால் அந்த வித்தியாசம் இலாப நட்டத்துக்குப் போகட்டும்.

குறுணலும் பக்க விளைபொருள்தானே என்றால், சிறிய ஆலையில் அப்படியும் வைக்கலாம். 1,310,000இல் 130,000ஐக் கழிக்க, அரிசியின் பங்குக் கிரயம் கிலோ 198இலிருந்து 196.67 ஆகும். எங்கே கோடு கீறுவது என்பது உங்கள் தீர்மானம்தான். ஆனால் ஆண்டுக்காண்டு மாற்றக்கூடாது.

தேறிய பெறுமதி முறைக்கும் குறை உண்டு. அரைவைச் செலவு இலாபம் தராது என்று அது கருதுவதால், மேலதிக வேலை கூடிய பொருளில் இலாப வீதம் குறையும். இங்கே அரிசியில் விலையின் 9.6 வீதம், மாவில் 7.4. அதை வைத்து மாவுப் பகுதியைக் குறைசொல்லக் கூடாது. விலை ஏறி இறங்கும் பருவத்தில் எந்த நாள் விலையை எடுப்பது என்ற தலையிடியும் இருக்கிறது. அந்த நெல்லை எப்போது விற்பதாகத் திட்டமிட்டீர்களோ, அப்போது எதிர்பார்க்கும் விலையை எழுதிவைப்பது நல்லது.

உமியைச் சொந்தக் கொதிகலனில் எரித்தால் பதிவே வேண்டாம். வரவு வைத்தால் எரிபொருளாக அதே தொகையைச் செலவும் வைக்க வேண்டும், இரண்டும் ஒரே கணக்கில் அடித்துப் போகும்.